விடையை ஆட்டிவைக்கும் விகிதம்

நான்கு சமன்பாடுகள், தெரியாத எண்கள் நான்கு. பள்ளியில் நீக்கல் முறை படித்தவர்கள் கொஞ்சம் பொறுமை இருந்தால் இதைத் தாளிலேயே தீர்த்துவிடலாம்.

10x + 7y + 8z + 7w = 32
7x + 5y + 6z + 5w = 23
8x + 6y + 10z + 9w = 33
7x + 5y + 9z + 10w = 31

விடை மிக எளியது. நான்குமே 1. முதல் வரியில் 10, 7, 8, 7 ஆகியவற்றைக் கூட்டினால் 32 வருகிறது. மற்ற மூன்று வரிகளையும் அப்படியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வலப்பக்கத்தில் உள்ள நான்கு எண்களும் ஏதோ ஒரு கருவியால் அளந்து வந்தவை என்று வைத்துக்கொள்வோம். எந்த அளவையும் அச்சொட்டாக இருப்பதில்லை. 32 என்பதற்குப் பதில் 32.1, 23-க்குப் பதில் 22.9, 33-க்குப் பதில் 33.1, 31-க்குப் பதில் 30.9 என்று பதிவாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் 0.1 மட்டுமே பிசகு. இந்த எண்களை வைத்து அதே சமன்பாடுகளை மறுபடி தீர்த்தால் விடையும் கொஞ்சம் நகரும், 1.02 அல்லது 0.97 என்று ஏதாவது வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வரும் விடை இது: x = 9.2, y = −12.6, z = 4.5, w = −1.1.

கணக்கில் தவறு எதுவும் இல்லை. முதல் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 92 − 88.2 + 36 − 7.7 = 32.1. துல்லியமாகப் பொருந்துகிறது. கணினி மட்டுமல்ல, உலகின் மிகச் சிறந்த கணித மேதை போட்டாலும் இந்த விடைதான் வரும். ஆக, தீர்க்கும் முறையைக் குறை சொல்ல வழியில்லை. இடப்பக்கம் சதுரமாக நிற்கும் அந்தப் பதினாறு எண்களுக்குள், அதாவது அணிக்குள்தான் காரணம் இருக்கிறது.

இந்த அணி கணிப்பியல்காரர்கள் நடுவே பெயர் பெற்றது. ஜே. மாரிஸ் என்பவர் 1946-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், டி. எஸ். வில்சன் தந்த உதாரணம் என்று இது இடம்பெற்றது. அன்றிலிருந்து வில்சன் அணி என்றே அழைக்கப்படுகிறது. பார்வைக்குச் சாதுவானது. எல்லாமே 5 முதல் 10 வரையிலான முழு எண்கள். முதல் வரியும் முதல் நிரலும் ஒன்று, இரண்டாம் வரியும் இரண்டாம் நிரலும் ஒன்று; ஆகவே இது சமச்சீர் அணி. அணிக்கோவையின் மதிப்பு 1. அணிக்கோவை பூஜ்ஜியமானால்தான் சமன்பாடுகளுக்கு ஒரே விடை கிடைக்காது என்று படித்திருக்கிறோம். இங்கே அது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. அப்படியிருந்தும் 0.1 பிசகு, 1 என்ற விடையை −12.6-க்குத் தள்ளிவிட்டது.

காரணத்தைத் தேட, சமன்பாட்டைத் தீர்ப்பதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, அணி என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நான்கு எண்களை உள்ளே கொடுத்தால் அது வேறு நான்கு எண்களை வெளியே தருகிறது. நான்கு எண்கள் கொண்ட ஒரு தொகுதியை ஓர் அம்பு என்று எண்ணிக்கொள்ளலாம். எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அம்பின் நீளம் கிடைக்கும். (1, 1, 1, 1) என்ற அம்பின் நீளம் 2. வில்சன் அணி அதை (32, 23, 33, 31) ஆக்குகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 60. ஆக, இந்தத் திசையில் அணி அம்பை முப்பது மடங்கு நீட்டுகிறது.

இப்போது வேறு ஓர் அம்பு: (−41, 68, −17, 10). நீளம் சுமார் 82. இதை அதே அணிக்குள் கொடுத்தால் என்ன வருகிறது? முதல் வரி −410 + 476 − 136 + 70, அதாவது 0. இரண்டாவது வரி −287 + 340 − 102 + 50, அதாவது 1. மூன்றாவதும் நான்காவதும் 0. எண்பத்திரண்டு நீளமுள்ள அம்பு, நீளம் 1 மட்டுமே உள்ள (0, 1, 0, 0) ஆகச் சுருங்கிவிட்டது. ஒரே அணி ஒரு திசையில் முப்பது மடங்கு நீட்டுகிறது, இன்னொரு திசையில் எண்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. வில்சன் அணியின் குணம் முழுவதும் இந்த இரண்டு பெருக்கல்களுக்குள் இருக்கிறது. கையால் ஒரு முறை போட்டுப் பார்த்தவர்களுக்கு மீதி எல்லாம் தானாகவே விளங்கும்.

நீட்டலும் சுருக்கலும் திசைக்குத் திசை மாறுகின்றன என்றால், மிக அதிகமாக நீட்டும் திசை எது, மிகக் குறைவாக நீட்டும் திசை எது என்ற கேள்வி வரும். சமச்சீர் அணிகளுக்கு இதில் ஓர் அழகான விடை உண்டு. நான்குக்கு நான்கு அளவுள்ள எந்தச் சமச்சீர் அணிக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு திசைகள் கிடைக்கும். அந்தத் திசையில் உள்ள அம்பை அணி திருப்புவதில்லை, ஓர் எண்ணால் பெருக்க மட்டும் செய்கிறது. அந்த எண்தான் ஐகன் மதிப்பு. நான்கு ஐகன் மதிப்புகளும் பூஜ்ஜியத்தைவிடப் பெரியவையாக இருந்தால் அந்த அணியைப் பாசிட்டிவ் டெஃபினிட் என்பார்கள். கட்டடத்தின் விறைப்பைக் கணக்கிடும் பொறியாளருக்கும், நில அளவைப் பிழைகளைச் சரிசெய்பவருக்கும், புள்ளியியலில் தரவுக்கு ஒரு கோடு பொருத்துபவருக்கும் வந்து சேரும் அணிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

வில்சன் அணியின் ஐகன் மதிப்புகள் ஏறத்தாழ 30.29, 3.86, 0.843, 0.01015. நான்கையும் பெருக்கினால் 1 வருகிறது, அதுவே அணிக்கோவை. பெருக்கும்போது பெரிய எண்கள் சிறிய எண்ணை மூடி மறைத்துவிடுகின்றன. இந்த விஷயத்தில் அணிக்கோவையை நம்பக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நாம் பார்க்க வேண்டியவை இரண்டு ஓர எண்கள், 30.29-உம் 0.01015-உம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் சுமார் 2984. இதுதான் வில்சன் அணியின் கண்டிஷன் எண்.

வகுப்பது ஏன்? சிறிய ஐகன் மதிப்பு ஒன்றே போதாதா? எனக்கு இந்தக் கேள்விதான் மொத்த விஷயத்தின் உயிர்நாடியாகப் படுகிறது. சமன்பாட்டைத் தீர்ப்பது என்றால் அணி செய்ததைத் தலைகீழாக்குவது. அணி 0.01015-ஆல் சுருக்கிய திசையில், தீர்க்கும்போது 0.01015-ஆல் வகுக்கிறோம். அதாவது 98 மடங்குக்கு மேல் பெருக்குகிறோம். வலப்பக்கத்தில் உள்ள பிழை அந்தத் திசையில் விழுந்தால் விடையில் அது 98 மடங்காக வீங்கும். முதல் பாதி இது. மறு பாதி, பிழையை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. வலப்பக்கத்தின் நீளம் 60, அதில் பிழையின் நீளம் 0.2. அதாவது முந்நூறில் ஒரு பங்கு. மூன்று இலக்கம்வரை நம்பலாம் என்று சொல்லக்கூடிய நல்ல அளவைதான். ஆனால் அந்த 60 எப்படி வந்தது? வெறும் 2 நீளமுள்ள விடையை அணி முப்பது மடங்கு நீட்டியதால் வந்தது. விடை சிறியது, வலப்பக்கம் பெரியது. பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் பிழை சிறியதாகத் தோன்றியது. தீர்க்கும்போது அந்த முப்பது மடங்கு திரும்பப் போய்விடுகிறது. பிழையோ இன்னொரு திசையில் 98 மடங்காக வளர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

எண்களில் பார்த்தால், விடையில் வந்த மாற்றத்தின் நீளம் 16.4. சரியான விடையின் நீளம் 2. ஆக, பிழை விடையைப் போல 8.2 மடங்கு. உள்ளே போனது முந்நூறில் ஒன்று, வெளியே வந்தது 8.2. ஒப்பீட்டுப் பிழை சுமார் 2460 மடங்கு பெருகியிருக்கிறது. எவ்வளவு மோசமான பிழையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பெருக்கம் 2984-ஐத் தாண்ட முடியாது. கண்டிஷன் எண் தரும் உத்தரவாதம் இதுதான். இதைச் சின்னச் சூத்திரமாக இப்படி எழுதுவார்கள்:

‖δx‖ / ‖x‖ ≤ (λmax / λmin) · ‖δb‖ / ‖b‖

வகுப்பதால் இன்னொரு பயனும் உண்டு. எல்லாச் சமன்பாடுகளையும் 1000-ஆல் பெருக்கினால் ஐகன் மதிப்புகள் அத்தனையும் ஆயிரம் மடங்காகும். கணக்கின் தன்மை மாறவில்லை, விகிதமும் மாறாது. குறைந்தபட்ச விகிதம் 1. எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக நீட்டும் அணிக்கே அது வாய்க்கும்.

இது உச்சவரம்பு மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வலப்பக்கம் பெரிய ஐகன் மதிப்பின் திசையிலும், பிழை சிறிய ஐகன் மதிப்பின் திசையிலும் இருந்தால்தான் 2984-ஐ நெருங்கும். முதலில் பார்த்த கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே அமைந்துவிட்டன. நான்கு எண்களிலும் பிழை ஒரே பக்கமாக, அதாவது எல்லாவற்றிலும் +0.1 என்று வந்திருந்தால், விடை x = −0.2, y = 3, z = 0.5, w = 1.3 என்று வந்திருக்கும்; விலகல் இருந்தாலும் முன்பைவிட மிகக் குறைவு. ஒரு பிழை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்தத் திசையில் விழுகிறது என்பதே விடையின் கதியைத் தீர்மானிக்கிறது.

இந்த எண்ணம் பிறந்த காலத்தைப் பார்த்தால் அதன் தேவை இன்னும் நன்றாகப் புரியும். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் மின்னணுக் கணினிகள் உருவாகிக்கொண்டிருந்தன. நூறு சமன்பாடுகளை அவற்றிடம் கொடுத்தால் ஒவ்வொரு பெருக்கலிலும் கடைசி இலக்கம் வெட்டப்படும். அந்தச் சிறு பிழைகள் சேர்ந்து விடையை அழித்துவிடுமா என்பது பெரிய கவலையாக இருந்தது. புள்ளியியலாளர் ஹெரால்டு ஹோட்டெலிங் 1943-இல் போட்ட மதிப்பீடு, சமன்பாடு ஒன்று கூடும்போது பிழை நான்கு மடங்காகலாம் என்றது. அது உண்மையானால் நூறு சமன்பாடுகளைத் தீர்ப்பது கனவுதான்.

1947-இல் ஜான் வான் நாய்மனும் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் நீண்டதொரு கட்டுரையில் இதற்குப் பதில் தந்தார்கள். அவர்கள் ஆராய்ந்ததும் பாசிட்டிவ் டெஃபினிட் அணிகளைத்தான். பிழையின் அளவைத் தீர்மானிப்பது சமன்பாடுகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, மிகப் பெரிய ஐகன் மதிப்புக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள விகிதமே அதில் முக்கியம் என்று காட்டினார்கள். மறு ஆண்டு, 1948-இல், ஆலன் டூரிங் தன் கட்டுரையில் கண்டிஷன் எண் என்ற பெயரையே சூட்டினார். அவர் தந்த வரையறைகள் இன்று நாம் எழுதும் விகிதத்திலிருந்து கொஞ்சம் வேறுபட்டவை, ஆனால் அளக்க முயன்றது இதையேதான்.

டூரிங் அப்போது இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தார். அவரும் ஜேம்ஸ் வில்கின்சனும் உடன் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து, கையால் இயக்கும் கணிப்பொறிகளை வைத்துப் பதினெட்டுச் சமன்பாடுகளைத் தீர்த்த கதையை வில்கின்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீக்கிக்கொண்டே போகும்போது கடைசிச் சமன்பாடுகளில் இலக்கங்கள் கரைந்து போயின. அதனால் விடையின் பின் இலக்கங்களை நம்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் விடையைச் சமன்பாடுகளில் திருப்பிப் போட்டபோது வலப்பக்கம் கடைசி இலக்கம்வரை அப்படியே பொருந்தியது. விடை முழுதும் சரியல்ல, சோதனையோ சரி என்கிறது.

நம்மில் பலரை ஏமாற்றும் இடமும் இதுதான். விடையைத் திருப்பிப் போட்டுச் சரிபார்ப்பது பள்ளி நாளிலிருந்து நமக்குச் சொல்லித்தந்த பழக்கம். வில்சன் அணியில் (9.2, −12.6, 4.5, −1.1) என்ற விடையை மூலச் சமன்பாடுகளில் போட்டால், 32 வர வேண்டிய இடத்தில் 32.1 வரும். வித்தியாசம் 0.1 மட்டும் என்று பார்த்து, விடை கிட்டத்தட்ட சரி என்று எண்ணிவிடுவோம். மிகச் சிறிய ஐகன் மதிப்பின் திசையில் விடை எவ்வளவு தூரம் வழிதவறினாலும், திருப்பிப் போடும்போது அணி அந்தத் தவறை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி மறைத்துவிடுகிறது. திருப்பிப் போடும் சோதனையை, கண்டிஷன் எண் சிறியது என்று தெரிந்த இடத்தில் மட்டுமே நம்பலாம்.

சிறிய ஐகன் மதிப்புக்கு நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்டால், இரண்டே எண்கள் உள்ள ஒரு கணக்கில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். வீடுகளின் மின் கட்டணத்தை இரண்டு தகவல்களைக் கொண்டு விளக்க முயல்கிறோம். ஒன்று வீட்டின் மொத்தக் கட்டடப் பரப்பு, மற்றொன்று சுவருக்குள் உள்ள புழங்கும் பரப்பு. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்குபவை. அவற்றுக்கிடையே ஒட்டுறவுக் கெழு 0.99 என்று வைப்போம். அலகுகளைச் சீராக்கியபின் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை தருவது என்ற கேள்வி இப்படி நிற்கும்:

p + 0.99q = 1.99
0.99p + q = 1.99

விடை p = 1, q = 1. இந்த அணியின் ஐகன் திசைகள் கூட்டலும் கழித்தலும்தான். p-யும் q-வும் சேர்ந்து ஏறும் திசையில் ஐகன் மதிப்பு 1.99, ஒன்று ஏறி மற்றது இறங்கும் திசையில் 0.01. கண்டிஷன் எண் 199. இப்போது தரவில் ஓரிரு வீடுகள் மாறி, வலப்பக்கம் 2.00, 1.98 ஆனது என்று வைப்போம். விடை p = 2, q = 0. இன்னும் கொஞ்சம் மாறி 2.01, 1.97 ஆனால் p = 3, q = −1. புழங்கும் பரப்பு கூடினால் மின் கட்டணம் குறையும் என்று கணக்கு சொல்கிறது.

மூன்று விடைகளிலும் p + q எப்போதும் 2 என்பதைக் கவனியுங்கள். தரவு நன்றாகப் பேசுவது கூட்டுத்தொகையைப் பற்றி. அதன் ஐகன் மதிப்பு 1.99. இரண்டு பரப்புகளும் தனித்தனியாக மாறும் வீடுகள் தரவில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் வித்தியாசத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. 0.01 என்பது அந்த மௌனத்தின் அளவு. கண்டிஷன் எண் பெரிதாக இருந்தால் தரவின் எந்தக் கலவை தெரிகிறது, எந்தக் கலவை தெரியவில்லை என்று ஐகன் திசைகள் பிரித்துக் காட்டிவிடும். வில்சன் அணியிலும் அப்படித்தான். அதன் பெரிய ஐகன் மதிப்பின் திசை ஏறத்தாழ 0.529x + 0.380y + 0.552z + 0.521w. x, y, z, w தனித்தனியே எங்கெங்கோ ஓடியபோதும், இந்தக் கலவையின் மதிப்பு இரண்டு விடைகளிலும் சுமார் 1.98 என்றே நிற்கிறது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

புள்ளியியலாளர்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ஹோயெர்ல், கென்னார்டு இருவரும் 1970-இல் முன்வைத்த ரிட்ஜ் முறையில், அணியின் மூலைவிட்டத்தில் உள்ள எண்களோடு ஒரு சிறிய எண்ணைக் கூட்டிவிடுவார்கள். நம் உதாரணத்தில் 0.1 கூட்டினால் ஐகன் மதிப்புகள் 2.09, 0.11 ஆகின்றன. விகிதம் 199-இலிருந்து 19-க்கு வந்துவிடும். 2.00, 1.98 என்ற தரவுக்கு இப்போது வரும் விடை ஏறத்தாழ p = 1.04, q = 0.86. விடை துள்ளவில்லை. விலையும் கொடுத்திருக்கிறோம்: கூட்டுத்தொகை 2-இலிருந்து 1.90-க்கு இறங்கிவிட்டது. நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கொஞ்சம் கெடுத்துக்கொண்டு, தெரியாத ஒன்றைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு இது. எவ்வளவு கூட்டுவது என்பதை அவரவர் தேவைதான் தீர்மானிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது விடையின் துல்லியம். இதே விகிதம் விடையை எட்டும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. லட்சக்கணக்கான சமன்பாடுகள் இருக்கும்போது நீக்கல் முறை கட்டுப்படியாகாது. ஒரு தோராய விடையில் தொடங்கிப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போவார்கள். பாசிட்டிவ் டெஃபினிட் அணி என்றால், இது ஒரு பள்ளத்தாக்கின் அடியைத் தேடி இறங்குவதற்குச் சமம். ஐகன் மதிப்புகள் எல்லாம் ஒன்றாக இருந்தால் பள்ளம் வட்டமாக இருக்கும், எங்கே நின்று இறங்கினாலும் சரிவு நேராக அடியைக் காட்டும். விகிதம் 100 என்றால் பள்ளம், அகலத்தைப் போலப் பத்து மடங்கு நீளமுள்ள ஒடுங்கிய பிளவாகிவிடும். செங்குத்தான சரிவைப் பார்த்து இறங்குபவர் எதிர்ச்சுவரில் போய் முட்டுவார், அங்கிருந்து திரும்ப இந்தச் சுவருக்கு வருவார். பள்ளத்தின் நீளவாக்கில் அவர் நகர்வது மிகக் கொஞ்சம்.

கணக்கில் இதை அப்படியே பார்க்கலாம். உயரம் ½(x² + 100y²) என்றிருக்கும் பள்ளத்தில் (100, 1) என்ற புள்ளியிலிருந்து தொடங்கினால், ஒரு படிக்குப் பின் (98.02, −0.98). அடுத்து (96.08, 0.96). ஒவ்வொரு படியிலும் y குறி மாறிக்கொண்டே இருக்கிறது, தூரம் இரண்டு சதவீதம் மட்டுமே குறைகிறது. பிழையை ஆயிரத்தில் ஒன்றாக்கச் சுமார் 345 படிகள் வேண்டும். விகிதம் 10,000 ஆனால் மோசமான நிலையில் ஏறத்தாழ 34,500 படிகள்.

விகிதம் 10,000 என்பது விபரீதமான கற்பனை அல்ல. இழுத்துக் கட்டிய ஒரு கம்பியில் சம இடைவெளியில் புள்ளிகளைக் குறித்து, பாரம் தொங்கவிட்டால் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தாழும் என்று கணக்கிடும் அணி மிக எளியது: மூலைவிட்டத்தில் 2, அதன் இருபுறமும் −1, மற்ற இடமெல்லாம் 0. ஒன்பது புள்ளிகளுக்குக் கண்டிஷன் எண் சுமார் 40. தொண்ணூற்றொன்பது புள்ளிகள் வைத்தால் சுமார் 4,050. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வைத்தால் சுமார் 4,05,000. இடைவெளி பத்தில் ஒன்றானால் விகிதம் நூறு மடங்காகிறது. அடுத்தடுத்த புள்ளிகள் மேலும் கீழுமாக மடங்கும் வளைவைக் கம்பி கடுமையாக எதிர்க்கும், அந்த ஐகன் மதிப்பு 4-ஐ ஒட்டியே இருக்கும். முழுக் கம்பியும் ஒரே வில்லாக மெல்லத் தாழும் வளைவுக்கு எதிர்ப்பே குறைவு, புள்ளிகளைக் கூட்டக் கூட்ட அது இன்னும் சுருங்கும். நுணுக்கமாகக் கணக்கிட விரும்பும் பொறியாளர் தன் விருப்பத்தாலேயே கண்டிஷன் எண்ணை வளர்க்கிறார்.

அமெரிக்காவின் ஹெஸ்டின்ஸும் சுவிட்சர்லாந்தின் ஸ்டீஃபெலும் 1952-இல் வெளியிட்ட கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை இங்கே பெரிய விடுதலை தந்தது. முன்பு நடந்த திசைகளின் பலனைக் கெடுக்காதபடி அடுத்த திசையைத் தேர்வது அதன் உத்தி. அதன் வேகம் விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10,000-க்குப் பதில் 100-தான் கணக்கில் வரும். 34,500 படிகள் 380 அளவுக்குக் குறையும்.

எல்லாப் பெரிய கண்டிஷன் எண்ணும் ஆபத்தல்ல. x-ஐக் கிலோமீட்டரிலும் y-யை மில்லிமீட்டரிலும் எழுதினாலே விகிதம் லட்சங்களில் போய் நிற்கலாம். மூலைவிட்டத்தில் மட்டும் 1, 10,00,000 என்று எண்கள் உள்ள அணியின் கண்டிஷன் எண் பத்து லட்சம், ஆனால் அந்த இரண்டு சமன்பாடுகளையும் தனித்தனியே வகுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆகவே முதலில் மூலைவிட்டம் முழுக்க 1 வரும்படி அலகுகளை மாற்றிக்கொள்வது நல்லது. பாசிட்டிவ் டெஃபினிட் அணிகளில் இந்த எளிய மாற்றமே, அலகுகளை மாற்றி அடையக்கூடிய மிகச் சிறந்த நிலைக்கு வெகு அருகில் கொண்டுவந்துவிடும் என்று வான் டெர் ஸ்லூயிஸ் 1969-இல் நிரூபித்தார். வில்சன் அணியில் இதைச் செய்தாலும் விகிதம் 1,000-க்கு மேல்தான் நிற்கிறது. அங்கே இருப்பது அலகின் குழப்பமல்ல, உண்மையான நோய்.

பைத்தான் தெரிந்தவர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம்:

```python
import numpy as np
W = np.array([[10,7,8,7],[7,5,6,5],[8,6,10,9],[7,5,9,10]])
e = np.linalg.eigvalsh(W)
print(e, e[-1] / e[0])
```

கடைசியில் வரும் எண் 2984. அதைப் படிப்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: விகிதத்தில் எத்தனை பூஜ்ஜியங்கள் உள்ளனவோ ஏறத்தாழ அத்தனை இலக்கங்களை விடையில் இழக்க நேரலாம். 2984 என்றால் மூன்றிலிருந்து நான்கு. கணினி வழக்கமாகப் பதினாறு இலக்கங்கள் வைத்து வேலை செய்வதால், அதன் வெட்டுப்பிழைகளால் மட்டும் நமக்கு நஷ்டமில்லை. பன்னிரண்டு இலக்கம் மிஞ்சும். விகிதம் பத்தின் பதினாறாம் அடுக்கை நெருங்கினால் நிலைமை வேறு. அப்போது கணினி சொல்லும் மிகச் சிறிய ஐகன் மதிப்பே வெட்டுப்பிழையின் குப்பையாக இருக்கும், சில சமயம் எதிர்மறையாகக்கூட வரும். அந்த வகுத்தலின் விடையை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், அணியை இப்படியே தீர்க்கக் கூடாது என்ற தகவலாக மட்டும் கொள்ள வேண்டும். மேட்லேப் போன்ற மென்பொருள்கள் இந்த எல்லையில்தான் `Matrix is close to singular or badly scaled` என்று எச்சரிக்கும். அது கணினியின் பதினாறு இலக்கங்களைப் பற்றிய எச்சரிக்கை, நம் அளவைகளின் மூன்று இலக்கங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 32.1, 22.9, 33.1, 30.9 என்று கொடுத்து வில்சன் அணியைத் தீர்க்கச் சொன்னால் அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 9.2, −12.6, 4.5, −1.1 என்று அச்சிடும்.